'பிராம்ப்ட்' தமிழில் என்ன? கடைத் தாளுக்கு, அவசரம்

கும்பகோணத்திலிருந்து:
வணக்கம். எங்கள் பித்தளைக் கடையில் திங்களன்று மூன்று பேர் சேர்கிறார்கள். படச் செயலியிடம் விளக்கின் போட்டோவைக் கொடுத்துப் பின்னணியை மட்டும் மாற்றுவது எப்படி என்று ஒரு பக்கத் தாள் எழுதுகிறேன். என்ன வேண்டும் என்று செயலிக்கு எழுதும் 'பிராம்ப்ட்' வரும் இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். தாளில் உள்ள மாதிரி:

"விளக்கின் ஐந்து முகங்களும் உச்சியிலுள்ள அன்னமும் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னணி வெளிர்ச் சாம்பல் சுவர். வெளிச்சம் இடப்பக்கச் சன்னலிலிருந்து."

முதலில் "மயில் வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். மயில்தான் வந்து உட்கார்ந்தது. வேண்டாததைப் பெயர் சொன்னாலே அதை வரைந்துவிடுகிறது. வேண்டியதைச் சொன்ன பிறகே அன்னம் நிலைத்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'ஏவல்' என்று வைக்கலாமா என்றால், அது முன்னிலைக்கு மட்டுமே உரியது. வியங்கோள் மூவிடத்துக்கும் வரும், வேண்டுதலும் அதில் அடங்கும். உங்கள் மாதிரியிலேயே 'இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'வியங்கோள்' என்றே வையுங்கள்.

மதுரை அம்மா ஒருவர்:
ஐயா, பத்தாம் வகுப்போடு அந்தச் சொல்லை விட்டவர்கள்தான் கடைக்கு வருவார்கள். 'ஏவல்' என்றாலோ பில்லி சூனியம் நினைவுக்கு வரும். படத்துக்குக் கீழே போடுவதுதானே? 'படக்குறிப்பு' போதும்.

கும்பகோணம்:
அம்மா, அது படம் வந்த பிறகு எழுதுவது. இது படத்தை வரவழைக்க எழுதுவது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
'தூண்டல்'. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், அதற்குத் தூண்டுகோல் இருக்கிறது. தூண்டாமலே எரிவது தூண்டாவிளக்கு. வேதாரண்யத்தில் எலி திரியைத் தூண்டித்தான் மறுபிறவியில் மகாபலியானது. தூண்டிலும் இந்த வேர்தான் என்பேன். உங்கள் கடைக்கே பிறந்த சொல்.

கோவையிலிருந்து:
பெயர் எதுவானாலும், செயலி படத்தை வரையத் தொடங்கும் 'சீடு' எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதே எண் போட்டால் அதே படம் வரும்.

கும்பகோணம்:
அண்ணா, அதே செயலி, அதே பதிப்பு, அதே அமைப்பு என்றால்தான். போன மாதம் பதிப்பு மாறியது. சேமித்த எண்ணைப் போட்டேன், சுவரே வேறாக வந்தது. அதனால் `vilakku5-03.txt` என்று விளக்குக்கு ஒரு கோப்பு. எழுதிய வரிகள், மூலப் போட்டோவின் பெயர், செயலியின் பதிப்பு, சீடு, தேதி எல்லாம் அதில்.

சோதனைக்கு வரியை மாற்றாமல் நான்கு முறை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை நன்றாக வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நான்கையும் பெரிதாக்கி முகங்களை எண்ண வேண்டும். ஒன்றில் ஆறாவது முகம் அன்னத்தின் பின்னால் ஒளிந்திருந்தது. சிறிதாகப் பார்த்தபோது தெரியவே இல்லை. அப்படியே இணையத்தில் போட்டால், வாங்கியவர் ஐந்து முக விளக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். திருத்தும்போது ஒரு சமயத்தில் ஒரு வரி மட்டும். சுவரையும் வெளிச்சத்தையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

மதுரை அம்மா:
'தூண்டல்' புரிகிறது. ஆனால் கடையில் 'பிராம்ப்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வரியில் இரண்டையும் போடுங்கள்.

தமிழாசிரியர்:
தூண்டுவது ஒருமுறை தட்டிவிடுவது. நீங்கள் எழுதுவது இன்னது இன்னபடி ஆகுக என்பது. நான் உடன்படவில்லை.

கும்பகோணம்:
ஐயா மன்னிக்கவும், அச்சகம் ஆறு மணிக்கு மூடிவிடும். 'தூண்டல் என்கிற பிராம்ப்ட்' என்று அனுப்பிவிட்டேன். 'சீடு' அப்படியே இருக்கிறது. அதை 'விதை' என்று எழுத மனம் வரவில்லை, வேறு உண்டா?