ரிவர்ஸ் ஃபேக்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

கலைவாணி, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள செம்பனை ஆலைக்குச் சாமான் கொடுக்கும் சிறு வணிகர்களுக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம். நாலு பக்கக் கையேட்டைத் தமிழில் தரும் பொறுப்பு என்னுடையது. வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வரப்போகிறவர்கள் பட்டறைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், போல்ட் நட் கடைக்காரர்கள்.

ஆலைக்குச் சாமான் கொடுத்தால் இப்போது 90 நாள் கழித்துத்தான் பணம். இனி ஆலை இன்வாய்ஸைப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டால், வங்கி கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை உடனே கொடுத்துவிடும். 90ஆம் நாள் ஆலை முழுத் தொகையையும் வங்கிக்குக் கட்டும். வங்கி அனுப்பிய தமிழ் வரைவில் இதற்குப் போட்டிருப்பது 'தலைகீழ் காரணிப்படுத்தல்'. இதை நான் அச்சில் ஏற்ற மாட்டேன். நல்ல சொல் தாருங்கள்.

இராமசாமி, கூலிம்:

அம்மா கலைவாணி, ஏற்றாமல் இருப்பதே சரி. ஃபேக்டர் என்பதை யாரோ கணிதக் காரணி என்று எடுத்துக்கொண்டார்கள். வணிகத்தில் அது முகவர். பிறர் சரக்கைத் தன் பொறுப்பில் விற்றுத் தந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பண்டகசாலைக்கு ஃபேக்டரி என்று பெயர் வந்ததும் அங்கே ஃபேக்டர் உட்கார்ந்திருந்ததால்தான். 'தலைகீழ்' என்றால் நம் ஆட்கள் தொழில் கவிழ்ந்தது என்று நினைப்பார்கள்.

நம்மிடம் சொல் இருக்கிறது: வட்டம். உண்டியல் என்ற வணிகக் கடன்சீட்டை நாள் வருமுன் பணமாக மாற்றினால் பிடிக்கும் தொகைக்கு வட்டம் என்று பெயர். 'மாற்றுச்சீட்டை வட்டம் செய்தல்' என்று கணக்குப் பதிவியலில் படித்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். நாள் ஏற ஏறச் சேர்வது வட்டி, முன்னாலேயே கழிப்பது வட்டம். 'ஏற்புவட்டம்' என்று சொல்லிவிடலாம்.

பிரியா, கோலாலம்பூர்:

ஐயா, வட்டம் என்றால் என் தலைமுறைக்கு ஜியோமெட்ரிதான் நினைவுக்கு வரும். உண்டியல் கோயிலில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் 'பெம்பக்தோரான்' என்று ஒலிமாற்றி வைத்துக்கொண்டார்கள், யாருக்கும் குறையில்லை. 'ரிவர்ஸ் ஃபேக்டரிங்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். எப்படிப் பார்த்தாலும் இது இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங்தான். இப்போது இ-இன்வாய்ஸ் வந்துவிட்டதால் ஒப்புதல் பற்றியும் கவலையில்லை. வரி வாரியத்தின் தளம் சரிபார்த்துவிட்டது, 72 மணி நேரத்தில் வாங்கியவர் நிராகரிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இராமசாமி:

மகளே, மலாய்க்காரர்கள் நம் 'கடை'யைக் 'கெடாய்' என்றும், 'முதல்' என்பதை 'மோடால்' என்றும் எடுத்துக்கொண்டார்கள். முதல் என்ற சொல்லையே கொடுத்த மொழிக்கு இன்று நிதிச்சொல் கடன் வாங்கும் நிலையா? பிறமொழிச் சொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியம் இடம் தருகிறது, மறுக்கவில்லை. சொல் இல்லாதபோது அது வழி. இருக்கும்போது எதற்கு?

வட்டியை விருத்தியிலிருந்து வந்த வடசொல் என்பார்கள். சங்கப் பாடல்களில் வட்டி என்றால் ஓலைப்பெட்டி. பெட்டியில் அளந்து கொடுத்து, அளந்து வாங்கியதிலிருந்து இந்தப் பொருள் வந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். வளைவைக் குறிக்கும் 'வள்' என்ற வேரிலிருந்து...

முனியாண்டி, சுங்கை சிப்புட்:

சார், பெட்டி இருக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு வரப்போகிறவன் நான். லாரி ஓட்டுகிறேன். எனக்கு இந்த ஃபேக்டரிங் நன்றாகத் தெரியும், அடிபட்டவன். சில வருஷம் முன்பு ஒரு கம்பெனியிடம் என் இன்வாய்ஸ்களைக் கொடுத்தேன். நூற்றுக்கு எண்பது வெள்ளி கையில் கொடுத்தான். என் வாடிக்கையாளர் பணம் கட்டவில்லை. கொடுத்த எண்பதையும் செலவையும் சேர்த்து என்னிடமே திரும்ப வாங்கிக்கொண்டான். லாரி ஒன்றை விற்றுத்தான் அடைத்தேன். நீங்கள் என்ன அழகான பெயர் வைத்தாலும் இது கடன். கையேட்டில் கடன் என்றே எழுதுங்கள்.

தேவராஜ், பெட்டாலிங் ஜெயா:

முனியாண்டி அண்ணனுக்கு நடந்தது சாதாரண ஃபேக்டரிங். அதிலும் வாங்கியவன் கட்டாவிட்டால் விற்றவன் பொறுப்பு என்ற வகை. அங்கே நீங்கள் உங்கள் வாடிக்கையாளரின் கடனைத் தூக்கிக்கொண்டு நிதி நிறுவனத்திடம் போகிறீர்கள். அந்த வாடிக்கையாளர் நாணயமானவரா என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் எண்பதோடு நிறுத்தி, பொறுப்பை உங்கள் தலையில் வைத்தார்கள். கலைவாணி சொல்வதில் வாங்குகிற ஆலையே வங்கியை அழைத்து வருகிறது. ஆலையின் நாணயத்தை நம்பித்தான் வங்கி பணம் போடுகிறது. திசை மாறியதால் 'ரிவர்ஸ்'. முறையாக எழுதிய திட்டத்தில், ஆலை பிறகு கட்டாமல் போனாலும் வங்கி உங்களைத் தொடக்கூடாது. கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரி அதுதான். அந்த வரி இல்லையென்றால், அண்ணன் சொல்வது போல அது கடன்தான்.

பிரியா சொன்னதில் பாதிதான் சரி. வங்கி தொகையைக் கழித்துக் கொடுப்பதால் டிஸ்கவுண்டிங் என்பது பொருந்தும். ஆனால் வரி வாரியத்தின் சரிபார்ப்பு வரிக்கானது. 72 மணி நேரம் கடந்தது என்றால் இன்வாய்ஸை நிராகரிக்கும் வழி முடிந்தது, அவ்வளவுதான். சாமான் சரியாக வந்தது, இந்தத் தொகையை இந்த நாளில் கட்டுகிறேன் என்று ஆலை சொன்னதாக ஆகாது. வங்கிக்கு வேண்டியது அந்த வாக்குத்தான். ஆலை தந்த ஆர்டரான பி.ஓ.வும், சாமான் போய்ச் சேர்ந்ததற்கான சீட்டாகிய டி.ஓ.வும், இன்வாய்ஸும் ஒத்துப்போய், ஸ்டோர் கிராணி கையெழுத்திட்டு, கணக்குப் பிரிவு இந்தத் திட்டத்தின் தளத்தில் ஏற்றிய பிறகுதான் காசு நகரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பட்டறைக்காரர் ஒருவர் கொன்வேயர் சங்கிலி செய்து கொடுத்து 48,000 ரிங்கிட்டுக்கு இன்வாய்ஸ் போடுகிறார். தவணை 90 நாள். 12ஆம் நாள் ஆலை ஒப்புதல் தருகிறது. மீதி 78 நாள். வங்கி ஆண்டுக்கு 6 விழுக்காடு பிடிப்பதாக வைத்துக்கொண்டால் கழிவு 615 ரிங்கிட் 45 சென். அன்றே 47,384 ரிங்கிட் 55 சென் கைக்கு வரும். இப்போது ஸ்டோர் கிராணி விடுப்பில் போய், டி.ஓ. மேசையிலேயே கிடந்து, 45ஆம் நாள்தான் ஒப்புதல் வருகிறது என்று வையுங்கள். கழிவு 355 ரிங்கிட்டாகக் குறையும். ஆனால் பட்டறைக்காரர் அந்த 45 நாளும் இரும்புக் கடைக்கும் கூலிக்கும் வேறு எங்கோ புரட்டியிருப்பார். வட்டி விகிதத்தை எல்லாரும் கேட்பார்கள். ஒப்புதலுக்கு எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே சொல்லில் 'ஒப்புதல்' இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

கலைவாணி:

மிக்க நன்றி, தேவராஜ். அப்படியானால் 'ஒப்புதல்வழி முன்பணம்' என்று வைக்கலாமா?

இராமசாமி:

முன்பணம் வேண்டவே வேண்டாம். வேலைக்கு முன்னால் கொடுப்பது முன்பணம். கங்காணி ஊரில் கொடுத்து ஆளைக் கப்பலேற்றியது முன்பணம். அதை அடைக்கும்வரை தோட்டத்தை விட்டு அசைய முடியாது. என் பாட்டனார் அந்தப் பணத்தில் வந்தவர். இங்கே வேலை முடிந்து, சாமான் போய்ச் சேர்ந்து, உழைத்தவனுக்குச் சொந்தமான பணம் நாளுக்கு முன்னால் கைக்கு வருகிறது. அது பெறுதல். 'முன்பெறுகை' என்றால் என் காது ஏற்கும்.

தேவராஜ்:

ஐயா சொன்ன வேறுபாடு சட்டத்திலும் சரி. அவர் பணம் கடன் வாங்கவில்லை, வர வேண்டியதை விற்கிறார். முன்பெறுகைக்கு என் ஓட்டு.

பிரியா:

எனக்கும் பரவாயில்லை. ஆனால் ஐயா 'ஏற்பு' என்கிறார், தேவராஜ் அண்ணன் 'ஒப்புதல்' என்கிறார். ஒன்றுதானே?

தேவராஜ்:

இல்லை. மாற்றுச்சீட்டில் 'ஏற்பு' என்றால் சீட்டின் மேலேயே கையெழுத்திட்டுக் கடனை ஏற்பது. இங்கே சீட்டே கிடையாது, தளத்தில் தரும் இசைவு மட்டும்தான். ஏற்பு என்று எழுதினால் நாளைக்கு ஒரு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார்.

இராமசாமி:

ஏற்பு ஈரெழுத்துக் குறைவு. கல்லிலும் வெட்டலாம். ஒப்புதல் வாக்குமூலம் என்று போலீஸ் வாசனை வீசும் சொல்லை வணிகத்தில் கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை. என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

முனியாண்டி:

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன். முன்பு ஆலை 60 நாளில் கொடுத்தது. இந்தத் திட்டம் பேச ஆரம்பித்ததும் 90 ஆக்கிவிட்டார்கள். இதை யாரும் சொல்லவில்லையே?

தேவராஜ்:

அண்ணன் கேட்டதுதான் கேள்வி. அந்த 48,000க்கு, கூடிய 30 நாளுக்கு மட்டும் கழிவு 236 ரிங்கிட் 71 சென். ஆலை தன் பணத்தை ஒரு மாதம் கூட வைத்துக்கொள்கிறது, அதற்கான செலவு சப்ளையர் தலையில். திட்டத்தில் சேராதவருக்கு இன்னும் மோசம். அவருக்கு 90 நாள் என்றால் 90 நாள்தான். பிரிட்டனில் கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் துணைக் குத்தகைக்காரர்களுக்கு 120 நாள் தவணை வைத்து, முன்னால் வேண்டுமென்றால் வங்கித் திட்டத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 2018 ஜனவரியில் அது சரிந்தது. வங்கிகளுக்குக் கட்ட வேண்டிய பெருந்தொகை கணக்கில் கடன் என்ற தலைப்பில் தெரியவே இல்லை. இப்படிப்பட்டவற்றுக்குப் பிறகுதான் பன்னாட்டுக் கணக்கியல் தரம் திருத்தப்பட்டு, 2024 ஜனவரி முதல் நிறுவனங்கள் இத்திட்டங்களைத் தனியாக வெளியிட வேண்டும் என்றானது.

இன்னொன்று. பெரும்பாலான திட்டங்களில் வங்கி எப்போது வேண்டுமானாலும் புதிய இன்வாய்ஸ் எடுப்பதை நிறுத்தலாம். ஆலையின் நிலை ஆட்டம் கண்டால் முதலில் அதுதான் நடக்கும். 12 நாளில் பணம் பார்த்துப் பழகியவர் ஒரே வாரத்தில் 90 நாளுக்குத் திரும்புவார். கலைவாணி, இதற்குக் கையேட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கலைவாணி:

ஒதுக்கிவிட்டேன். தவணையை 60லிருந்து 90க்கு நீட்டியதைப் பற்றியும் ஒரு வரி எழுதி ஆலைக்கும் வங்கிக்கும் அனுப்பினேன். வங்கி அதை எடுக்கச் சொல்கிறது. நான் எடுக்கவில்லை. முடிவு அவர்கள் கையில்.

சொல் விஷயத்தில் நேரம் தீர்ந்துவிட்டது. 'ஒப்புதல்வழி முன்பெறுகை' அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் மட்டும் அதன் அருகில் ரிவர்ஸ் ஃபேக்டரிங் என்று தமிழ் எழுத்தில் இருக்கும், ஏனென்றால் வங்கிப் படிவத்தில் அவர்கள் பார்க்கப்போவது அந்தப் பெயரைத்தான். கணக்கு அட்டவணையில் பிடித்தத்துக்குக் 'கழிவு' என்று போட்டேன். இராமசாமி ஐயா மன்னிக்க வேண்டும், வட்டம் என்று போட்டதைப் படித்த நால்வரில் மூவர் வட்டி என்றே படித்தார்கள்.

இராமசாமி:

கழிவு என்றால் குப்பை. உழைத்தவன் பணத்துக்கு அந்தப் பெயரா? அடுத்த பதிப்பிலாவது வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வள் வேர் பற்றித் தனி மடல் அனுப்புகிறேன்.

முனியாண்டி:

தங்கச்சி, அந்த 60, 90 வரியை மட்டும் விட்டுவிடாதே. கூட்டத்தில் எழுந்து நான் கேட்பேன்.

பிரியா:

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. அட்டையில் சப்ளை செயினுக்கு 'விநியோகச் சங்கிலி' என்று இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில் 'வழங்கல் தொடர்'. எதை வைப்பது?