அப்பா வைத்த மொய்யை நம்பி ஆவணியில் விருந்து வைக்கலாமா?

பேராவூரணி மளிகை: 2017 ஆவணியில் அப்பா மொய் விருந்து வைத்தார், 6,20,000 வந்தது. கஜா, கொரோனா என்று அடுத்த விருந்து தள்ளிப்போய், போன வருடம் அப்பாவும் தவறிவிட்டார். விருந்து நோட்டும், அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் செய்த மொய்யை எழுதிய டைரியும் என்னிடம் இருக்கின்றன. டைரியைக் கூட்டினால் 5,10,000. கடையைப் பெரிதாக்க 6 லட்சம் வேண்டும். இந்த ஆவணியில் என் பெயரில் விருந்து வைத்தால் வருமா? மச்சான் வேண்டாம், கூட்டாளிகளிடம் கைமாற்றாகக் கேள் என்கிறார்.

நேர்கணக்கு: மச்சான் சொல்வதைக் கேளுங்கள். மொய் என்பது வட்டி இல்லாத கடன் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் எப்போது திருப்பவேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது, எதிர்வீட்டுக்காரர் பத்திரிகை நீட்டும் நாள்தான் உங்கள் தவணை நாள், அது ஒரே ஆடியில் நாற்பது வீட்டிலிருந்து வந்தாலும் வரும். எட்டுப் பேரிடம் ஆளுக்கு 75,000, இரண்டு வருடத்தில் திருப்புகிறேன் என்று புரோநோட் எழுதிக் கொடுத்து, பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது, எல்லாம் ஒரு தாளில் முடிந்துவிடும்.

உசிலம்பட்டிக்காரன்: கல்யாணத்துக்கு வந்த மொய்யை ஏன் இப்போது கேட்கிறீர்கள்? எங்கள் பக்கம் மாமன் செய்முறையைத் திருப்பிக் கேட்டால் உறவே முறிந்துவிடும்.

பேராவூரணி மளிகை: அண்ணே, இது கல்யாணம் இல்லை. எங்கள் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி ஆவணியில் பணம் புரட்டுவதற்கென்றே பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவது வழக்கம். ஒருவர் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வைப்பார்.

மொய் எழுத்தர்: தம்பி, பதினெட்டு வருடமாகப் பந்தலில் உட்கார்ந்து எழுதுகிறவன் சொல்கிறேன். அந்த 5,10,000 உங்களுக்கு வரவேண்டிய பணம் இல்லை. டைரியில் இருப்பது அப்பா கொடுத்தது மட்டும், அதில் பாதி அவர் வாங்கியதைத் திருப்பியதாக இருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வடகாட்டுக்காரர் ஒருவர் உங்கள் பந்தலில் 2,000 எழுதினார் என்று வைப்போம். 2019-ல் அவர் விருந்துக்கு அப்பா போய் 5,000 எழுதியிருக்கிறார். டைரியில் 5,000 என்று நிற்கும். ஆனால் 2,000 அவருடைய பணம், அது பழைய கணக்கு. மிச்சம் 3,000தான் புது நடை, அதைத்தான் அவர் உங்களுக்குத் திருப்பவேண்டும். இப்போது அவர் உங்கள் விருந்துக்கு வந்து சரியாக 3,000 வைத்தால் கணக்கு முடிந்தது, இனி கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று நினைக்கிறார் என்று அர்த்தம். 5,000 வைத்தால் அதில் 2,000 மறுபடி உங்கள் தலையில் புது நடை. வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், தொகைதான் பேசும்.

அதனால் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, ஊர் வாரியாக, வீட்டுக்கு வீடு கழித்துப் பாருங்கள். அப்போது இன்னொரு பட்டியலும் தானாக வெளியே வரும். உங்கள் பந்தலில் எழுதிவிட்டு இன்னும் விருந்தே வைக்காத வீடுகள். அங்கே நீங்கள்தான் கடன்காரர்.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்: பயப்படாமல் வையுங்கள், மொய்ப் பணத்துக்கு வருமான வரி கிடையாது. எங்கள் ஆபீஸில் எத்தனையோ பேர் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

நேர்கணக்கு: பாதி சரி. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ வரும் அன்பளிப்புக்குத்தான் அந்த விலக்கு. காதுகுத்து, வீடு குடிபுகுதல், மொய் விருந்து எதற்கும் இல்லை. சட்டம் சொல்லும் நெருங்கிய சொந்தம் அல்லாதவர்களிடமிருந்து ஒரே வருடத்தில் 50,000-க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் முழுத்தொகையும் வருமானத்தில் சேரும்.

ஆடிட்டர் ஆபீஸ் பையன்: அது அன்பளிப்பு என்றால்தானே. திருப்பித் தரவேண்டிய பணம் எப்படி அன்பளிப்பாகும்?

நேர்கணக்கு: கடன் என்று சொன்னால் வேறு பக்கம் மாட்டும். ஒரே ஆளிடம் 20,000 அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்கக்கூடாது. 500, 1,000 எழுதுகிறவர்களால் பிரச்சினை இல்லை, பெரிய கை வைக்கும் பத்துப் பேரை நினைத்துப் பாருங்கள். எது சொன்னாலும் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியாது. நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரையே பாருங்கள், ஆபீஸ் பையனை அல்ல, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வடகாட்டு மருமகள்: கணக்கு பேசுகிறவர்கள் எல்லாம் பந்தலுக்குள் நின்று பேசுகிறீர்கள், அடுப்படிப் பக்கம் ஒருத்தர் வரவில்லை. கஜா அடித்தது 2018 நவம்பரில். தோப்பு மொத்தமும் சாய்ந்து கிடந்தது, தென்னம்பிள்ளை வைத்தாலும் காய்க்க வருடக்கணக்கு ஆகும். அடுத்த ஆடியில் பத்திரிகைகள் வந்தன. தேங்காய்க் காசு இல்லை என்று யாரிடமாவது சொல்ல முடியுமா? என் வளையல் நான்கும் அடகுக்குப் போனது. மொய் நோட்டில் மாமனார் பெயர், அடகுச் சீட்டில் என் பெயர். அந்த வட்டியை எந்த நோட்டில் எழுதுவது என்று எழுத்தர் அண்ணன் சொல்லட்டும்.

மொய் எழுத்தர்: அதை எழுத நோட்டில் இடம் இல்லை, அது உண்மைதான் தங்கச்சி. அந்த இரண்டு மூன்று வருடத்தில் பழைய கணக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனவர்கள் அதிகம், புது நடை போட ஆள் இல்லை.

ஆனால் நேர்கணக்கு சொல்கிற எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள்? 75,000 சும்மா வைத்திருக்கிற எட்டுக் கூட்டாளி இருந்தால் இந்தத் தம்பி ஏன் இங்கே வந்து கேட்கிறார்? ஊரில் இருப்பது ஆயிரம் ரூபாய் தரக்கூடிய நானூறு பேர். அவர்களிடம் நானூறு புரோநோட் எழுதமுடியாது, ஒரு நோட்டுத்தான் எழுதமுடியும்.

நேர்கணக்கு: அந்த நோட்டில் யார் கையெழுத்து இருக்கிறது? எழுதியது நீங்கள், கொடுத்தவர் கையெழுத்தும் இல்லை, வாங்கியவர் கையெழுத்தும் இல்லை. புரோநோட்டுக்குக்கூட மூன்று வருடம்தான் ஆயுள், இது எட்டு வருடம் ஆன நோட்டு. கோர்ட்டில் செல்லாத கணக்கை நம்பி ஒருவர் கடை கட்டுகிறார்.

மொய் எழுத்தர்: கோர்ட்டுக்கு யார் போனார்கள்? செல்லுபடி ஆவது இரண்டு பேர் வீட்டிலும் அதே தொகை எழுதியிருப்பதால். சண்டை வருவது பெரும்பாலும் ஏமாற்றால் இல்லை, பெயர் எழுதிய லட்சணத்தால். "செல்வராசு, மாங்காடு" என்று எழுதி வைத்திருப்பான், மாங்காட்டில் நாலு செல்வராசு. அப்பா பெயர், தெரு, பட்டப்பெயர், டிராக்டர்காரரா டீக்கடையா, இவ்வளவும் வேண்டும். எங்களிடம் ஒருவர் பெயரைச் சத்தமாகச் சொல்லுவார், நான் எழுதுவேன், மூன்றாவது ஆள் பணத்தை எண்ணி அண்டாவில் போடுவார். பக்கம் முடிந்ததும் கூட்டி, அந்தப் பக்கத்துப் பணத்தோடு சரிபார்த்த பிறகுதான் அடுத்த பக்கம் திருப்புவோம். ராத்திரி மொத்தமாகக் கூட்டும்போது 1,500 குறைந்தால் எந்தப் பக்கத்தில் என்று தேடவே முடியாது. தப்பாக எழுதினால் அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதவேண்டும், அதன் மேலேயே திருத்தினால் ஐந்து வருடம் கழித்து அது 3-ஆ 8-ஆ என்று இரண்டு குடும்பம் பேசாமல் போகும். இப்போது பல பந்தலில் கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கேயே சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், நல்லதுதான், ஆனால் தட்டுகிறவன் வெளியூர்ப் பையனாக இருந்தால் அதே நாலு செல்வராசு கதைதான்.

பேராவூரணி மளிகை: மூன்று ராத்திரி உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். வரவேண்டியது 3,40,000. நாங்கள் இன்னும் 39 வீட்டுக்கு 62,000 செய்யவேண்டும், இதை நான் யோசிக்கவே இல்லை.

மொய் எழுத்தர்: சரி, இப்போது பேசலாம். 3,40,000-ல் எல்லாம் வராது, இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் எல்லாம் இருப்பார்கள். 2,60,000 என்று வையுங்கள். புது நடை ஒரு 3,40,000 விழுந்தால் மொத்தம் 6 லட்சம். தனியாகப் பந்தல் போட்டு ஆட்டுக்கறி வைத்தால் ஒன்றரை லட்சம் போய்விடும்.

நேர்கணக்கு: நீங்களே சொல்லிவிட்டீர்கள். கையில் நிற்பது 4,50,000. திருப்பவேண்டியது புது நடை 3,40,000, பழைய பாக்கி 62,000, ஆக 4,02,000. இவருக்கென்று மிச்சம் 48,000, அதைத்தான் ஒன்றரை லட்சத்துக்குச் சோறு போட்டு வாங்குகிறார்.

மொய் எழுத்தர்: அப்படிப் பார்த்தால் எந்தக் கடனிலும் மிச்சம் இருக்காது. விருந்து வைக்காவிட்டால் அந்த 2,60,000-ம் வராதே. நாலு பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கட்டும், செலவில் இவர் பங்கு 50,000 சொச்சத்தில் நிற்கும். ஆளுக்கு ஒரு மேசை, ஆளுக்கு ஒரு நோட்டு, சோறு மட்டும் பொது. வருகிற பணத்தில் புது நடையை மட்டும் அன்றைக்கே தனித் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும், கடைக்குப் போன பணம் எவ்வளவு யாருடையது என்று தினமும் கண்ணில் படவேண்டும். நான் பார்த்தவரை கவிழ்ந்தவர்கள் எல்லாம் மொத்த வசூலைச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள்தான்.

நேர்கணக்கு: கூட்டு விருந்து என்றால் பரவாயில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெரிய கை வைப்பவர்களிடம் மட்டும் தனியாக எழுதி வாங்கி வங்கியில் போடச் சொல்வேன்.

மொய் எழுத்தர்: எழுதி நீட்டினால் அவர் வரவேமாட்டார்.

வடகாட்டு மருமகள்: தம்பி, ஒன்று கேட்கிறேன். அப்பா கொடுத்த பணம் உங்கள் ஒருவருக்கா வரும்? கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

பேராவூரணி மளிகை: ஒரு தம்பி, சிங்கப்பூரில். அவன்தான் 2019, 2020-ல் அப்பாவுக்கு மொய் செய்யப் பணம் அனுப்பினான்.

மொய் எழுத்தர்: அப்படியானால் பத்திரிகை அடிக்காதீர்கள். முதலில் பாகம் பிரியுங்கள். தோப்பைப் பிரிப்பதுபோல நோட்டையும் பிரிப்பார்கள், இன்னின்ன ஊர் அண்ணனுக்கு, இன்னின்ன ஊர் தம்பிக்கு என்று. வரவேண்டியதை எடுக்கிறவர் அந்த ஊர்ப் பாக்கியையும் தலையில் எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கடையில் போட்டபிறகு அவர் விருந்து வைப்பார், ஒருத்தர்கூட வரமாட்டார், கேட்டால் உங்க அண்ணனுக்குச் செய்துவிட்டோமே என்பார்கள்.

பேராவூரணி மளிகை: இரண்டு பேர் பெயரையும் பத்திரிகையில் போட்டால்?

மொய் எழுத்தர்: போடலாம். கடை யார் பெயரில்?

பேராவூரணி மளிகை: என் பெயரில். தம்பியிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான்.