செயலியில் ஒரு விலை, கடையில் ஒரு விலை: உங்கள் அனுபவம் என்ன?

கீழக்கரை
எங்கள் சமையலறை பெரும்பாலும் செயலி ஆர்டர்களை நம்பி நடப்பது. வாசலில் இரண்டு மேசை மட்டும் உண்டு. இறால் பிரியாணி அங்கே 180 ரூபாய், செயலியில் 245. சென்ற வாரம் ஒருவர் சாப்பிட்டுக் கைகழுவி வந்து, ஈரம் காயாத விரலால் கைபேசியைத் திறந்து, விலைப்பலகையில் 180 என்று எழுதியிருந்த இடத்தின் பக்கத்திலேயே பிடித்துக் காட்டினார். "ஏன் அண்ணே, வீட்டுக்கு வந்தால் இறால் பெருத்துவிடுமா?" என்றார். கமிஷன் என்றேன். "அதை நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ராமநாதபுரம்
65 ரூபாய் ஏற்றினால் கேட்கத்தான் செய்வார்கள். எங்களுக்கும் கமிஷன் 22 சதவீதம், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகமொத்தம் 26 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதே 26 சதவீதத்தை ஏற்றி, 180 ரூபாய்ப் பிரியாணிக்கு 227 வைத்திருக்கிறோம். உணவுக்கான 5 சதவீத வரியும் அதற்குள்ளேயே அடக்கம். அதற்குமேல் வைப்பது பேராசை.

மண்டபம்
ராமநாதபுரத்து நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கமிஷன் பிடிக்கப்படுவது உங்கள் 180-க்கு அல்ல, நீங்கள் ஏற்றிவைத்த 227-க்கு. அதில் 26 சதவீதம் 59 ரூபாய் போனால் கைக்கு வருவது 168. ஒவ்வொரு பிரியாணிக்கும் 12 ரூபாய் குறைகிறது. 180 கைக்கு வர வேண்டுமென்றால் அதை 0.74-ஆல் வகுக்க வேண்டும், 243 வரும். கீழக்கரைக்காரர் வைத்த 245 ஏறக்குறைய அதுதான், அதில் டப்பாச் செலவுகூட அடங்கவில்லை. 5 சதவீத வரியை 2022 ஜனவரி 1 முதல் செயலி நிறுவனமே வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கிக் கட்டுகிறது. அதை விலைக்குள் நுழைத்தால் வாடிக்கையாளர் இருமுறை கட்டுகிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் செலவில் 40 ரூபாய் கூப்பன் கொடுத்தால் 245 என்பது 205 ஆகி, கைக்கு 152-தான் மிஞ்சும். வாரப் பட்டுவாடாக் கணக்கில் கூப்பன் ஓடிய ஆர்டர் ஒன்றை எடுத்து, வங்கிக்கு வந்த தொகையை மேசை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கசிவு தெரியாது.

இராமேசுவரம்
விலை ஏற்றத்தை மக்கள் ஏற்கத்தான் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் சீலா மீன் விலை எங்கேயோ போய்விடும். நான் மேசையிலும் செயலியிலும் சேர்த்தே ஏற்றிவிடுவேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

கீழக்கரை
ஐயா, மீன் விலை ஏறினால் இரண்டு இடத்திலும் ஏறுகிறது, அதனால் யாரும் கேட்பதில்லை. என் சிக்கல் ஒரே நாளில் இரண்டு விலை இருப்பது. மண்டபத்துக்காரரின் கணக்கு சரியே; ஆனால் கடை விலையைவிடக் கூடுதலாகச் செயலியில் வைக்கக் கூடாதென்று என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. உங்களில் யாருடைய ஒப்பந்தத்திலாவது அது உண்டா, அதைக் காட்டி யாரேனும் உங்களிடம் கேட்டிருக்கிறார்களா?