‘ஆவியாகாத கரைபொருள்’: வேறு சொல் கிடைக்குமா?

பூங்கொடி:
கொதிநிலை ஏற்றத்திலிருந்து மோலார் நிறை காணும் கணக்கு ஒன்றை வகுப்பில் போட்டேன். கரைப்பான் பென்சீன், ஆவியாகாத கரைபொருள் நாப்தலீன். ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், பீரோவுல போட்ட நாப்தலீன் உருண்டை கொஞ்ச நாள்ல காணாமப் போயிடுதே, அது எப்படி ஆவியாகாத பொருள்?” ‘எளிதில் ஆவியாகாத’ என்றாலும் அதே கேள்விதான் வரும். மாற்றுச் சொல் வேண்டும்.

தங்கராசு:
‘உயர்கொதிக் கரைபொருள்’ எனலாமே. நாப்தலீன் 218 டிகிரியில் கொதிக்கிறது, பென்சீன் 80-இல். அது போதும்தானே?

இராமநாதன்:
போதாது தம்பி. அசிட்டிக் அமிலம் 118-இல் கொதிக்கிறது, ஆனால் நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் நீராவியோடு அதுவும் தாராளமாகக் கிளம்பும். ஏற்றம் சுருங்கும், கணக்கில் மோலார் நிறை எகிறிவிடும். கரைப்பான் கொதிக்கும் சூட்டில் கரைபொருள் எவ்வளவு ஆவி விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நாப்தலீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் பென்சீனில் 1.28 கிராம். பென்சீனின் மாறிலி 2.53. ஏற்றம் 0.50 டிகிரி என்று அளந்தால்:

M = (2.53 × 1.28 × 1000) / (0.50 × 50) = 129.5

உண்மையில் 128. 80 டிகிரியில் நாப்தலீனின் ஆவியழுத்தம் பென்சீனுடையதில் சுமார் நூறில் ஒரு பங்கு. அதனால் 0.506 வரவேண்டிய ஏற்றம் 0.501 ஆகிறது. பெக்மன் வெப்பமானியில் ஒரு கோடே 0.01 டிகிரி; இந்தப் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். உங்கள் மாணவி கேட்டது சரி, கணக்கும் சரி.

செய்முறையில் காலைவாருவது கரைப்பான்தான். குளிர்விப்பானைத் தாண்டி 5 கிராம் பென்சீன் தப்பிவிட்டது என்று வையுங்கள். கரைசல் செறிந்து ஏற்றம் கூடும். நீங்கள் 50 கிராம் என்றே போட்டால் விடை 115-க்கு இறங்கிவிடும். விடை குறைந்து வந்தால் முதலில் குளிர்விப்பானைப் பாருங்கள்.

மரகதம்:
நான் வேதியியல் படித்தவள் இல்லை. உலையில் உப்புப் போட்டால் சோறு சீக்கிரம் வேகும் என்பார் என் மாமியார். அது இதுதானா?

இராமநாதன்:
இதேதான் அம்மா, ஆனால் லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு 0.17 டிகிரிதான் ஏறும். அரிசிக்கு அது தெரியாது. உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிவதால், அந்த ஏற்றத்தை வைத்து மோலார் நிறை கண்டால் 58.5-க்குப் பதில் பாதிதான் வரும். அது வேறு கதை.

பூங்கொடி:
அப்படியானால் ‘ஆவிசேராக் கரைபொருள்’? கரைப்பானின் ஆவியில் போய்ச் சேராதது.

தங்கராசு:
பிள்ளைகள் பேய் பிடிக்காத கரைபொருள் என்று நினைப்பார்கள் அக்கா.

இராமநாதன்:
பொருள் சரியாக இருக்கிறது, ஓசைதான் இடிக்கிறது. ‘ஆவியில் சேராத’ என்று பிரித்தே எழுதலாம்.

பூங்கொடி:
தேர்வுத்தாளில் ‘ஆவியாகாத’ என்றுதான் கேட்பார்கள். இந்த வருடம் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கிறேன்.