சிலிக்கான் ஆனோடு ப்ரீலித்தியேஷன்: ஓரம் தங்க நிறம், நடுவில் கறுப்பு

வணக்கம் மக்களே, சென்னையில் ஒரு லேபில் லித்தியம்-அயான் பேட்டரிக்கான சிலிக்கான்-கிராஃபைட் ஆனோடு செய்கிறேன். முதல் சார்ஜில் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லியாம்பியர்-மணி ஏறினால் டிஸ்சார்ஜில் 3.2 தான் திரும்புகிறது, மீதியில் பெரும்பங்கை ஆனோடு மேல் உருவாகும் எஸ்இஐ படலம் விழுங்கிவிடுகிறது. அந்த 0.8-ஐ ஈடுகட்ட ஆனோடில் முன்கூட்டியே லித்தியம் ஏற்றுவதுதான் ப்ரீலித்தியேஷன்; அதற்குச் சுமார் 4 மைக்ரான் லித்தியம் போதும், ஆனால் கையில் இருப்பது 50 மைக்ரான் ஃபாயில், அதனால் கிளவ் பாக்ஸுக்குள் எலக்ட்ரோலைட் சொட்டு விட்டு ஃபாயிலை ஆனோடு மேல் அழுத்தி, நேரத்தை வைத்துத்தான் அளவைக் கட்டுப்படுத்துகிறேன்.

பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் தங்க நிறம், அதாவது அங்கே கிராஃபைட் நிரம்பிவிட்டது, அப்படியே செல்லில் போட்டால் சார்ஜில் லித்தியம் உலோகமாகப் படியும். நடுவில் அதே கறுப்பு.

இடையில் செபரேட்டர் வைத்து, வெளியே ரெசிஸ்டர் வழியாக ஷார்ட் செய்தால் சீராக ஏறுமா? செய்தவர்கள் எத்தனை ஓம் போட்டீர்கள், அப்புறம் எவ்வளவு நேரம் ஊறவிட்டீர்கள்?