ஒரு சீட்டு, மூணு வேலை: தண்டையார்பேட்டை ஃப்ளாட்ஸ் குரூப்

ஞாயிறு, காலை 9:14

முருகன் (செக்ரட்டரி): எல்லாருக்கும் வணக்கம். மாடிப்படிகிட்ட மாட்டிருக்கற வெள்ளை போர்டோட போட்டோ போட்ருக்கேன் பாருங்க. ‘செய்யணும்’ கட்டத்துல 11 சீட்டு இருக்கு, ரெண்டு வாரமா ஒண்ணுகூட நகரல. எழுதி ஒட்டுனா வேலை நடக்கும்னுதான் இத ஆரம்பிச்சோம்

பழனி தாத்தா: போர்டுல எழுதி குடுத்தா அவ்ளோ சீக்கிரம் வரமாட்டான்பா, ஈபி ஆபீசுக்கு நேர்ல போய் நின்னாத்தான் நடக்கும்

முருகன்: அந்த போர்டு இல்ல தாத்தா, நம்ம படிக்கட்டு போர்டு

தேவி அக்கா: முருகா, போட்டோவ பெருசாக்கி பாத்தேன். மோட்டார். லிஃப்ட். மொட்டமாடி. குப்பை. எல்லாமே பேருதான், அதுங்கள இன்னா பண்ணணும்னு எதுலயும் இல்லியே. ‘மோட்டார்’ சீட்டுக்கு யார் யார் இன்னா பண்ணீங்க, சொல்லுங்க

கார்த்தி: நான் புது மோட்டாருக்கு கொட்டேஷன் வாங்கி வெச்சேன்

பாபு: நானு கெபாசிட்டர் வாங்கி மாட்னேன், அது உறுமிக்கினே கீது ஸ்டார்ட் ஆவலன்னு வாட்ச்மேன் போன மாசம் சொன்னாரு

முருகன்: அய்யோ, நான் எழுதுனது அதுக்கு இல்ல. டேங்க் ரொம்பியும் மோட்டார் தானா நிக்கல, தண்ணி வழிஞ்சு மூணாவது மாடி செவுரு ஊறுது. அதுக்குத்தான் எழுதுனேன்

தேவி அக்கா: பாத்தியா, ஒரே சீட்டுக்கு மூணு பேரு மூணு வேலை, வழியுற தண்ணி மட்டும் வழிஞ்சிக்கினேதான் கீது

கார்த்தி: கரெக்ட்தான்க்கா, எங்க ஆபீஸ்லயும் இதான் சொல்லுவாங்க, டைட்டில்ல கண்டிப்பா ஒரு வினை இருக்கணும்னு. ‘மோட்டார் செக் பண்ணணும்’னு மாத்திட்டா போச்சு

தேவி அக்கா: பாதிதான் சரி கார்த்தி. நான் மணலில மெயின்டெனன்ஸ் பிளானிங்ல பதினாலு வருசம் வேலை ஆர்டர் எழுதுனவ, செக் பண்ணணும், பாக்கணும், பேசணும், கவனிக்கணும் இதெல்லாம் எங்க முடியும்னே தெரியாத வார்த்தைங்க. நீ போய் ஒரு தபா எட்டி பாத்தாலும் செக் பண்ணதுதான், எலக்ட்ரீசியன் அரை நாள் கழட்டி பாத்தாலும் செக் பண்ணதுதான். எழுதுனவன் இல்லாம வேற ஒருத்தர் போய் பாத்து, முடிஞ்சுது முடியலன்னு சொல்ல முடியணும், அதான் நல்ல சீட்டு. ‘டேங்க் ரொம்புனதும் மோட்டார தானா நிக்க வெக்கணும்’னு எழுது. டேங்க் ரொம்புற நேரத்துல பக்கத்துல நின்னா யாருக்கும் தெரிஞ்சிடும்

செல்வி ஆன்ட்டி: எனக்கு இது நல்லா புரியுதுமா. தையல் நோட்டுல ‘பச்ச பிளவுஸ்’னு மட்டும் எழுதி வெச்சிருந்தேன், அந்த பொண்ணு ஹூக் மாத்தத்தான் குடுத்துச்சு, நான் கையை சின்னதா வெட்டிட்டேன். துணிக்கு காசு குடுத்தேன்

பாபு: யக்கா ஒரு டவுட்டு, ஏன் நிக்கலன்னே தெரியாதே, சென்சாரா ஒயரான்னு. தெரியாம எப்டி எழுதுறது?

தேவி அக்கா: நல்ல கேள்வி பாபு. காரணம் தெரியாதப்ப ‘சென்சார் மாத்தணும்’னு எழுதிட்டா காசு போட்டு சென்சார மாத்திட்டு சீட்ட ‘முடிஞ்சது’க்கு நகத்திடுவீங்க, கோளாறு ஒயர்ல இருந்தா தண்ணி மறுபடி வழியும். காரணத்த கண்டுபிடிக்கறதே தனி வேலை, அதுக்கும் கையில ஒண்ணு வரணும். ‘மோட்டார் நிக்காத காரணத்த குரூப்ல போடணும்’. காரணம் வந்தப்புறம் அடுத்த சீட்டு

கார்த்தி: அப்ப முடிஞ்ச மாதிரியே எழுதிடலாமே, ‘சென்சார் மாத்தியாச்சு’ன்னு? முடிவு பளிச்னு தெரியும்

தேவி அக்கா: அது ‘செய்யணும்’ கட்டத்துல நிக்கும்போது படி ஏறிக்கினே பாக்கறவங்க முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிப்பாங்கடா. ‘ணும்’னே முடி. இன்னொண்ணு, நம்ம தமிழ்ல செய்யறது கடைசி வார்த்தையிலதான் வருது, சீட்டு நீண்டா அந்த வார்த்தைதான் எடம் இல்லாம பொடி எழுத்தா ஓரத்துல நசுங்கும். அஞ்சாறு வார்த்தைக்குள்ள நிறுத்து. யாரு, எந்த தேதி, எவ்ளோ செலவு எல்லாம் சீட்டுக்கு பின்னாடி எழுது

முருகன்: சரிக்கா. ‘மொட்டமாடி’ சீட்டுல குப்பை அள்றது, விரிசல் பூசறது ரெண்டும் இருக்கு

தேவி அக்கா: ரெண்டா கிழி. குப்பை இன்னிக்கே போயிடும், பூச்சுக்கு கொத்தனார் வரணும். ஒரே சீட்டா இருந்தா பாதி முடிஞ்சும் அங்கியே நிக்கும்

செல்வி ஆன்ட்டி: மாசா மாசம் சம்ப் கழுவறது? அத எப்பிடி எழுதறது, முடியவே முடியாதே

கார்த்தி: அத போர்டுலயே போடக்கூடாது ஆன்ட்டி, தனி காலண்டர்

தேவி அக்கா: நான் ஒத்துக்க மாட்டேன், மாசத்து பேரப் போட்டு ‘அக்டோபர் சம்ப் கழுவணும்’னு ஒட்டுனா அது அந்த மாசம் முடியுமே

கார்த்தி: வருசத்துக்கு 12 சீட்டு ஆகுமேக்கா, போர்டே ரொம்பிடும்

முருகன்: அத சாயங்காலம் பேசிக்கலாம். மோட்டார் சீட்ட கிழிச்சிட்டேன், புதுசு ஒட்டிட்டேன், போட்டோ போடறேன். பாபு, எலக்ட்ரீசியன கூப்டுறியா?

பாபு: கூப்டேன்ணா, 11 மணிக்கு வராரு. இன்னா காரணம்னு சொன்னதும் இங்கயே போட்டுடுறேன்