உதவி: குடும்பக் காலண்டரின் 12 படமும் ஒரே கை வரைந்த மாதிரி வரவில்லை

மாலா (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். கார்த்திகைக் கடைசியில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். வருகிற சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க மாதக் காலண்டர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், 40 பிரதி. ஏ3 தாளில் மேல்பாதி படம், கீழ்பாதி தேதி. ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு போட்டோக்களிலிருந்து ஆட்களை வெட்டி எடுத்து ஒரே காட்சியில் சேர்க்கிறேன். தாத்தா 1971-லேயே போய்விட்டார். அவருக்கு இருப்பது ஒரே படம், ஸ்டுடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது. ஆகஸ்ட் மாதத்துக்கு ஆடிப்பெருக்கு. காவிரிப் படித்துறையில் தாத்தா உட்கார்ந்திருக்க, பக்கத்தில் என் மகள் (6 வயது) காப்பரிசித் தட்டோடு நிற்க வேண்டும். அப்பா அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்கே காரணம்.

போட்டோவும் போட்டோவும் ஒட்டாது என்பதால் எல்லாவற்றையும் ஓவியம் மாதிரி மாற்றுகிறேன். ஜிம்ப்பில் ஒவ்வொரு ஆளையும் வெட்டி, Cartoon ஃபில்டர் போட்டு, அளவைக் கூட்டிக் குறைத்துக் காட்சியில் வைக்கிறேன். 5 மாதம் முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து பேர் வரைந்த மாதிரி இருக்கிறது. தாத்தாவுக்குக் கோடே தெரியவில்லை, போட்டோ போலவே இருக்கிறார். மகளுக்குக் கோடு தடித்து மை கொட்டிய மாதிரி. வாட்ஸப்பில் வந்த அத்தை படத்தில் கன்னத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். எந்த செட்டிங்கை மாற்றினால் சரியாகும்?

பிரபு

ஒரே ஃபில்டர், ஒரே செட்டிங் எல்லாருக்கும் போடுங்க அக்கா. Mask radius 7, Percent black 0.2. ஆளுக்கு ஆள் மாத்தினா இப்படித்தான் ஆகும்.

மாலா

தம்பி, ஆரம்பத்திலிருந்தே அந்த இரண்டு எண்களைத் தொடவே இல்லை. அதே 7, அதே 0.2 தான்.

வசந்தா (சிறுவர் பத்திரிகை ஓவியம், 22 வருடம்)

மாலா, அந்த 7 என்பது பிக்சல் கணக்கு. படம் பெரியதா சிறியதா என்று அதற்குத் தெரியாது. தாத்தா ஸ்கேனில் முகம் எவ்வளவு உயரம், மகளுடைய போட்டோவில் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

மாலா

தாத்தா முகம் 1400 பிக்சல். மகள் முகம் 300. காட்சியில் இரண்டையும் 450-க்குக் கொண்டுவந்தேன்.

வசந்தா

அங்கேதான் இருக்கிறது. தாத்தாவுக்கு ஃபில்டர் போட்ட பிறகு மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினீர்கள், கோடும் கூடவே சுருங்கி மயிரிழை ஆகிவிட்டது. மகளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினீர்கள், கோடும் பெருத்துவிட்டது. பிரபு சொன்னதில் பாதி சரி: செட்டிங் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அளவை முதலில் முடித்துவிட்டு அதன் பிறகுதான் ஃபில்டர். உங்கள் படப் பகுதி 297 × 210 மி.மீ., அதாவது 300 டிபிஐ-யில் 3508 × 2480 பிக்சல். முதலில் அந்த அளவுக்கு வெற்றுத் தாள் திறந்து, எல்லோரையும் இறுதி அளவில் வைத்துவிட்டு, அப்புறம் கோட்டுக்குப் போங்கள்.

அத்தை கன்னத்தில் தெரிவது வாட்ஸப் படத்தை அமுக்கியதால் வந்த கட்டங்கள். கண்ணுக்கு லேசாகத் தெரியும் அந்த விளிம்பையும் ஃபில்டர் கோடாக எடுத்துக்கொள்கிறது. மூலப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படம் அவர்களிடமும் இல்லையென்றால் கன்னத்தை மட்டும் லேசாக மங்கலாக்கிவிட்டுத் தொடருங்கள்.

லட்சுமி மாமி

ஒரே சீராக வரவில்லை என்று நானும் போன வருஷம் அவதிப்பட்டேன். பிப்ரவரிக்கு நாலு வரி, ஆகஸ்டுக்கு ஆறு வரி என்று கட்டம் மாறி மாறி வந்தது. ஞாயிறு முதல் சனி வரை ஏழு பத்தி, எல்லா மாதத்துக்கும் ஆறு வரி என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். அமாவாசை, கிருத்திகை போட மறக்காதே அம்மா, பெரியவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

மாலா

மாமி, நான் கேட்டது படத்தைப் பற்றி. ஆனாலும் ஆறு வரிக் கட்டம் எனக்குத் தோன்றவே இல்லை, எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தாம்மா, நீங்கள் சொன்ன வரிசையில் ஆகஸ்டைத் திரும்பச் செய்தேன். கோடு சமமாகிவிட்டது. ஆனால் மகளுடைய வலது கன்னம் முழுக்கக் கறுப்பாக வருகிறது, தாத்தாவுக்கு நிழலே இல்லை. அதோடு அவள் தாத்தா பக்கத்தில் நிற்கிற மாதிரி இல்லை, கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறாள்.

வசந்தா

கிணறு என்று சரியாகவே சொன்னீர்கள். மகளை நீங்கள் நின்றுகொண்டு மேலிருந்து போனில் எடுத்திருப்பீர்கள்: தலை பெரிது, பாதம் சிறிது. தாத்தாவை ஸ்டுடியோக்காரர் அவர் மார்பு உயரத்தில் கேமராவை வைத்து நேராக எடுத்திருப்பார். இதை எந்த ஃபில்டரும் திருத்தாது. அவள் படத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்துக்கொண்டு, கீழே பித்தளைக் குடம், பூத்தட்டு, படித்துறை விளிம்பு எதையாவது வைத்துக் காலை மறைத்துவிடுங்கள். காட்சிக்கு ஒரு கண்மட்டக் கோடு போட்டு, மற்ற ஆட்களும் அதற்கு ஒத்துப்போகிறார்களா என்று பாருங்கள்.

கன்னம் கறுப்பானது நண்பகல் வெயிலால். நிழலையும் கோட்டையும் ஃபில்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, இருட்டாக இருப்பதையெல்லாம் மை ஆக்கிவிடும். அதனால் நான் ஆட்களுக்கு ஃபில்டரே போட மாட்டேன், பின்னணிக்கு மட்டும்தான். போட்டோ லேயரின் Opacity-யை 40 சதவீதமாகக் குறைத்து அடியில் வைத்து, மேலே 6 பிக்சல் தூரிகையால் கோட்டை நீங்களே இழுங்கள். அச்சில் அது அரை மி.மீ. வரும். உள்ளே தட்டையாக வண்ணம். அதன்மேல் Multiply முறையில் ஒரே ஒரு நிழல் லேயர், மங்கலான ஊதா, 12 காட்சியிலும் வெளிச்சம் இடது மேலிருந்து. போட்டோக்களில் இருந்த பத்து விதமான வெளிச்சத்தையும் கழற்றிவிட்டு உங்களுடைய ஒரு வெளிச்சத்தை மாட்டுகிறீர்கள். ஒரே கை வரைந்த மாதிரி ஆவது அதற்குப் பிறகுதான்.

மலைப்பாக இருக்கும், தெரியும். ஆளுக்கு மூன்று முகம் போதும்: நேர், இடப்பக்கம், வலப்பக்கம். எட்டுப் பேருக்கு 24. அதையே 12 மாதத்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். முகத்தின் உயரத்தை 350-லிருந்து 500 பிக்சலுக்குள் வைத்திருங்கள், அதைத் தாண்டிப் பெரிதாக்கினால் கோட்டைத் திரும்ப இழுக்க வேண்டும். எட்டுப் பேரும் வருகிற பொங்கல் காட்சிக்கு ஒரே வரிசை பத்தாது, பின்னால் நாலு பேர் நிற்க, முன்னால் நாலு பேர் உட்காரட்டும்.

பிரபு

வண்ணத்துக்கு ஒரு வழி. Image > Mode > Indexed போய், ஒரே பேலட்டை எல்லாப் படத்துக்கும் கொடுங்க. தானா ஒண்ணாயிடும்.

வசந்தா

பேலட் வேண்டும், அது நல்ல யோசனை. ஆனால் Indexed-இல் எந்தப் புள்ளிக்கு எந்த வண்ணம் என்று மென்பொருள் தீர்மானிக்கும். ஜனவரியில் பாட்டியின் நெற்றிக்கு ஒரு வண்ணம், மார்ச்சில் பக்கத்து வண்ணம் என்று தாவும், கன்னத்தில் தேமல் மாதிரி திட்டு விழும். ஆளுக்கு மூன்று தோல் வண்ணம் நீங்களே எடுத்து, பேர் போட்டு ஒரு .gpl கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்ப், கிரிட்டா இரண்டும் திறக்கும்.

```
GIMP Palette
Name: kudumbam
Columns: 3
#
232 184 142 paatti-light
196 140 98 paatti-mid
140 92 62 paatti-shade
```

நிரப்பும்போது இதிலிருந்து மட்டும் தொடுங்கள், போட்டோவிலிருந்து வண்ணம் உறிஞ்சாதீர்கள். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் எல்லாக் காட்சிகளையும் ImageMagick-இன் இந்தக் கட்டளையால் ஒரே தாளில் அடுக்கிப் பாருங்கள்:

```
magick montage scene*.png -tile 4x3 -geometry 600x+8+8 sheet.png
```

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அடுக்கினால்தான் எந்த மாதம் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று கண் சொல்லும்.

முருகேசன் (அச்சகம், சிவகாசி)

தங்கச்சி, 40 பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான், ஆஃப்செட்டுக்குப் போகாதீங்க, பிளேட் காசே கட்டாது. ரெண்டு விஷயம். மேலே வயர் மாட்ட ஓட்டை போடுவாங்க, நடுவில் தொங்கவிட அரைவட்டமா வெட்டுவாங்க. மேல் 15 மி.மீ.-க்குள் யார் தலையும் வரக்கூடாது. நாலு பக்கமும் 3 மி.மீ. படத்தை வெளியே நீட்டி விடுங்க, அது வெட்டுக்குப் போயிடும்.

அப்புறம், திரையில் பளிச்சுனு தெரியுற கிளிப்பச்சையும் ராணி கலரும் தாளில் அடங்கிப் போகும். பட்டுப்புடவை அதிகமா இருக்குற ஒரு மாசத்தை மட்டும் முதலில் ஒரு தாள் எடுத்துப் பாருங்க. காலண்டருக்கு எந்தத் தாளோ அதே தாளில் எடுக்கணும். பேலட்டை அப்பவே திருத்திட்டா 12-க்கும் சேர்த்துத் திருத்தின மாதிரி.

மாலா

அண்ணே, ஆகஸ்டில் தாத்தாவின் குடுமி மேலிருந்து 9 மி.மீ.-இல் இருந்தது. நல்லவேளை சொன்னீர்கள், கீழே இறக்கிவிட்டேன்.

இப்போது ஒரு கேள்வி. டிசம்பருக்குக் கார்த்திகை தீபம். முற்றத்தில் 30 அகல் எரிகிறது, வெளிச்சம் கீழிருந்து வரும். இடது மேல் வெளிச்சம் என்ற விதியை அதில் என்ன செய்வது?

வசந்தா

விதியை உடைக்காதீர்கள். முகத்தில் அதே ஊதா நிழல் இருக்கட்டும், வானத்தை மட்டும் இருட்டாக்கி, அகலைச் சுற்றி மஞ்சள் ஒளி வட்டம் வையுங்கள். நிலா வெளிச்சம் என்று கண் ஏற்றுக்கொள்ளும்.

பிரபு

கார்த்திகைக்குப் பௌர்ணமி நிலா சரிதான் அம்மா. ஆனா அத்தனை அகலுக்கு நடுவில் நிக்கிற முகத்தில் கீழிருந்து மஞ்சள் விழலைன்னா விளக்கு ஒட்டவெச்ச மாதிரி இருக்கும். கோடும் பேலட்டும் ஒண்ணா இருந்தா ஒரு மாசம் வெளிச்சம் மாறலாம்னு நினைக்கிறேன்.

வசந்தா

இரண்டையும் வரைந்து அந்த montage தாளில் வைத்துப் பாருங்கள் மாலா. கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் மூக்கின் நிழல் நெற்றிப்பக்கம் ஏறும், பெரியவர்களின் முகம் அடையாளம் தெரியாமல் போகிற ஆபத்து உண்டு. நான் அதற்குத்தான் பயப்படுகிறேன்.

மாலா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 24 முகத்தில் 19 முடிந்தது. முதல் முகத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது, இப்போது 50 நிமிடத்தில் முடிகிறது. ஏப்ரல் பக்கத்தைச் சோதனைத் தாள் எடுத்தேன். முருகேசன் அண்ணன் சொன்ன மாதிரியே பாட்டியின் கிளிப்பச்சைப் புடவை பாசி நிறத்துக்குப் போயிருந்தது, பேலட்டில் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் மஞ்சள் கூட்டித் திருத்தினேன்.

டிசம்பர் இரண்டு விதமாகவும் வரைந்து வைத்திருக்கிறேன். அடுக்கிப் பார்க்கும்போது வசந்தாம்மா சொன்னது சரியாக இருக்கிறது, தனியாகப் பார்க்கும்போது பிரபு சொன்னது பிடிக்கிறது. இன்னும் முடிவு செய்யவில்லை.

தாத்தாவின் அங்கவஸ்திரத்துக்கு என்ன கரை என்று கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியவில்லை, பேலட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. அப்பாவிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். அத்தைக்குப் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை, "அரக்கு. ஒரு விரக்கடை அகலம்" என்றாள். நிரப்பிவிட்டேன்.